10 மி.லி.யை எதில் அளப்பது?

கேள்வி: வினிகரில் அசிட்டிக் அமிலம் எவ்வளவு என்று பார்க்கிறேன். 10 மி.லி. வினிகரை 100 மி.லி. மெஷரிங் ஜாரில் அளந்து, 100 மி.லி. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் ஊற்றி, கோடுவரை நீர் நிரப்பினேன். அதிலிருந்து 25 மி.லி.யைப் பிப்பெட்டில் எடுத்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் மூன்று முறை தரம் பார்த்தேன். 19.1, 19.15, 19.1 என்று நன்றாக ஒத்து வந்தது. ஆனால் கணக்குப் போட்டால் 4.6 சதவீதம்தான். அது 5 சதவீத வினிகர். காரம் பழசாகிவிட்டதா, ஜார்தான் காரணமா? நீளம் முழுக்க அளவுக்கோடு போட்ட பிப்பெட் ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார் கருவி விற்பவர். வாங்கலாமா?

பதில்: காரம் பழசானதால் இப்படி வராது. பழைய சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலு குறையும். வலு குறைந்த காரம் அதிகமாகச் செலவாகும், பியூரெட் அளவு ஏறும். உங்களுக்கோ இறங்கியிருக்கிறது. 5 சதவீத வினிகருக்கு இந்த முறையில் 20.8 மி.லி. பக்கம் வந்திருக்க வேண்டும். நீங்கள் ஃபிளாஸ்கில் ஊற்றிய வினிகர் 10 மி.லி.க்குப் பதில் 9.2 மி.லி.யாக இருந்திருந்தால் சரியாக 19.1 வரும். 100 மி.லி. ஜாரில் 10 மி.லி. அளந்தால் அந்த அளவுக்குக் குறைவது சர்வசாதாரணம்.

மூன்று அளவும் ஒத்து வந்ததுதான் உங்களைத் திசைதிருப்பியிருக்கிறது. அந்த மூன்றையும் ஒரே ஃபிளாஸ்கிலிருந்துதானே எடுத்தீர்கள்? ஃபிளாஸ்குக்குள் போன வினிகர் குறைவு என்றால், அதிலிருந்து எத்தனை முறை எடுத்தாலும் அதே குறைவுதான் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். 25 மி.லி. பிப்பெட்டும் பியூரெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கின்றன என்பதற்கு மட்டுமே அந்த ஒற்றுமை சாட்சி. முதல் படியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. செய்முறைத் தேர்வுகளில் அளவுகள் ஒத்து வந்தாலே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். ஒத்து வந்தால் சரி என்ற இந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் பலரை விடுவதில்லை. வருடக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மாறவே இல்லை.

ஜாரைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 100 மி.லி. ஜாரில் ஒரு மி.லி.க்கும் அடுத்த மி.லி.க்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. கண் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அரை மி.லி.க்கு மேல் போய்விடும். இப்போது வால்யூமெட்ரிக் பிப்பெட்டை, அதாவது நடுவில் குமிழும் மேலே ஒற்றைக் கோடும் உள்ளதை, எடுத்துப் பாருங்கள். கோடு இருக்கும் கழுத்து அவ்வளவு குறுகல். அங்கே அதே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் நூறில் ஒன்றிரண்டு பங்கு மி.லி.தான் மாறும். அந்தக் கருவியின் துல்லியம் முழுக்க அந்தக் குறுகலில்தான் இருக்கிறது. ஒரே ஒரு அளவைத்தான் அது எடுக்கும், அதனால்தான் அதைச் சரியாக எடுக்கிறது.

ஜாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணாடி ஜார்கள் பெரும்பாலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதற்குக் கோடு போடப்பட்டவை, வெளியே எவ்வளவு வரும் என்பதற்கு அல்ல. அதன் மேல் ‘இன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஊற்றிய பிறகு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் துளிகள் உங்கள் கணக்கில் நஷ்டம். பிப்பெட்டில் ‘எக்ஸ்’ என்று இருக்கும். அதற்கு, வெளியே வருவதே அந்த அளவு என்று பொருள். உள்ளே ஒட்டி நிற்பதை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் அதற்குக் கோடு போடுகிறார்கள்.

சரி, எதை எப்போது எடுப்பது? கருவியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அளவு என் கணக்கில் வருகிறதா? உங்கள் சோதனையில் வினிகரின் 10 மி.லி. கணக்கில் வருகிறது, ஃபிளாஸ்கிலிருந்து எடுக்கும் 25 மி.லி.யும் வருகிறது. இரண்டுக்கும் வால்யூமெட்ரிக் பிப்பெட்தான். கூம்புக்குடுவையில் நிறமாற்றம் தெளிவாகத் தெரிய 30 மி.லி. நீர் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அது கணக்கில் வராது. குடுவைக்குள் இருக்கும் அமிலம் அதனால் கூடவோ குறையவோ போவதில்லை. அதை ஜாரில் எடுங்கள். அதற்குப் போய்ப் பிப்பெட் தேடுவது நேர விரயம்.

கணக்கில் வருகிறது என்றால், விடை எவ்வளவு தப்பைத் தாங்கும் என்று அடுத்துப் பாருங்கள். 10 மி.லி.க்கு ஏ வகுப்பு வால்யூமெட்ரிக் பிப்பெட்டின் அனுமதிக்கப்பட்ட பிழை 0.02 மி.லி., அதாவது 0.2 சதவீதம். பி வகுப்புக் கோடு போட்ட பிப்பெட்டில் அது 0.1 மி.லி., ஒரு சதவீதம். பி வகுப்பு 100 மி.லி. ஜாரில் 1 மி.லி., உங்கள் 10 மி.லி.யில் பத்து சதவீதம். 5.0 சதவீத வினிகர் முதல் கருவியால் 4.99க்கும் 5.01க்கும் நடுவில் வரும். இரண்டாவதில் 4.95க்கும் 5.05க்கும் நடுவில். ஜாரில் 4.5க்கும் 5.5க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். உங்கள் 4.6 அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஜார் தன் தகுதிக்குள் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, அதற்குத் தகாத வேலையைக் கொடுத்திருக்கிறோம்.

பழியை உங்கள் மேல் மட்டும் போட மாட்டேன். ‘10 மி.லி. எடுக்கவும்’ என்று மொட்டையாக எழுதும் செய்முறைக் கையேடுகள்தான் முதல் குற்றவாளி. எதில் எடுப்பது என்று ஒரு சொல் கூடுதலாக எழுதினால் என்ன? அக்கறையோடு எழுதியவர்கள் ‘10.0 மி.லி.’ என்றோ ‘துல்லியமாக 10 மி.லி.’ என்றோ எழுதியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் வால்யூமெட்ரிக் பிப்பெட் என்று புரிந்துகொள்ளுங்கள். ‘சுமார் 10 மி.லி.’ என்றால் ஜார்.

இனி விற்பவர் சொன்னதற்கு வருவோம். கோடு போட்ட பிப்பெட் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதாது. 3.7 மி.லி. மாதிரி ஒற்றைக் கோட்டுப் பிப்பெட் கிடைக்காத அளவுகளுக்கும், ஒரு சதவீதப் பிழை பரவாயில்லை என்ற இடங்களுக்கும் அது நல்ல கருவி, அவ்வளவுதான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 10 மி.லி. பிப்பெட்டின் அந்த 0.1 மி.லி. பிழை, நீங்கள் 1 மி.லி. மட்டும் எடுத்தாலும் அதே 0.1தான். அப்போது அது பத்து சதவீதமாகிவிடும். 1 மி.லி. வேண்டுமென்றால் 1 மி.லி. பிப்பெட்டையே எடுங்கள்.

வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். நான் ஒருமுறை ஏ வகுப்பு என்று வந்த ஒரு பெட்டியைத் திறந்தேன். பெட்டியில் ஏ, கண்ணாடியில் எழுத்தே இல்லை. கூடவே பளபளப்பாக ஒரு சான்றிதழ். அதில் வரிசை எண் இருந்தது, பிப்பெட்டில் எந்த எண்ணும் இல்லை. எந்தப் பிப்பெட்டுக்கு அந்தச் சான்றிதழ் என்று கேட்டால் இடைத்தரகரிடம் பதில் இல்லை. காய்ச்சி வடித்த நீரை அதில் எடுத்து எடைபோட்டோம், 9.89 கிராம். 25 டிகிரியில் 10 மி.லி. நீர் தராசில் 9.96 கிராம் காட்ட வேண்டும். 0.07 மி.லி. குறைவு. பி வகுப்புக்கே 0.04தான் எல்லை. விலை குறைவாகச் சொன்னவருக்கே கொள்முதல் என்ற விதி இருக்கும்வரை இப்படிப்பட்டவர்கள் பிழைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். தணிக்கைக்கு வருபவர்களும் சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறார்களே தவிர, கண்ணாடியை எடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே, பணம் கொடுக்கும் முன் கண்ணாடியின் மேலேயே கொள்ளளவு, வகுப்பு, ‘எக்ஸ்’, 20 டிகிரி, பிழையளவு ஆகியவை அழியாமல் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நுனி உடைந்து தேய்த்துச் சரிசெய்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஓட்டத்தின் வேகம் மாறினால் சுவரில் ஒட்டி நிற்கும் அளவும் மாறும்.

நுனியில் நிற்கும் கடைசித் துளி விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பிப்பெட்டையும் கெடுப்பது இதுதான். வால்யூமெட்ரிக் பிப்பெட்டை நேராகப் பிடித்து, நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டுக்கொண்டு தானாக வடிய விடுங்கள். ஓட்டம் நின்றபின் சில விநாடி பொறுத்து எடுத்துவிடுங்கள். நுனியில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அது நிற்கத்தான் வேண்டும், ஊதக் கூடாது. ஊதினால் ஒரு துளிக்குப் பக்கத்தில் கூடிப்போகும், ஏ வகுப்புக்குக் கொடுத்த காசு வீண். ஆனால் கோடு போட்ட பிப்பெட்டுகளில் ஒரு வகைக்கு இது பொருந்தாது. அதன் உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். அதில் கடைசித் துளியையும் பல்பால் ஊதி வெளியேற்றியே ஆக வேண்டும், கோடு போடும்போதே அந்தத் துளியையும் சேர்த்திருக்கிறார்கள். ஒற்றை வண்ணப் பட்டை மட்டும் இருந்தால் அது கொள்ளளவை அடையாளம் காட்டும் நிறம், ஊதச் சொல்லும் குறி அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு வகையில் கோடுகள் நுனிக்கு மேலேயே முடிந்துவிடும். அதில் கடைசிக் கோட்டோடு நிறுத்த வேண்டும், முழுக்க வடியவிட்டால் கூடுதலாகப் போய்விடும். ஒரே ஸ்டாண்டில் இந்த மூன்றும் கலந்து கிடக்கும் ஆய்வகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஸ்டாண்டையும் இன்றே ஒருமுறை பிரித்து வையுங்கள்.

அப்புறம், சோதனையை இப்படித் திரும்பச் செய்யுங்கள். ஏ வகுப்பு 10 மி.லி. வால்யூமெட்ரிக் பிப்பெட்டை முதலில் அதே வினிகரால் ஒருமுறை அலசுங்கள், உள்ளே ஈரமாக நிற்கும் நீர் வினிகரைக் கரைத்துவிடக் கூடாது. ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கை நீரால் மட்டும் அலசினால் போதும். இந்த முறை ஒரு ஃபிளாஸ்க் அல்ல, இரண்டு ஃபிளாஸ்குகளில் தனித்தனியாக 10 மி.லி. எடுத்துத் தயாரியுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு முறை தரம் பாருங்கள். நான்கும் 20.8ஐ ஒட்டி வந்தால் குறை ஜாரில்தான் இருந்தது. ஒரு ஃபிளாஸ்கின் இரண்டு அளவுகள் தங்களுக்குள் ஒத்துப்போய், மற்ற ஃபிளாஸ்கிலிருந்து விலகினால் 10 மி.லி. எடுத்த கையைக் கவனியுங்கள். நான்கும் இன்னும் 19.1லேயே நின்றால், காய்ச்சி வடித்த நீரை அந்தப் பிப்பெட்டால் எடுத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் எடைபோடுங்கள். 25 டிகிரியில் 9.94க்கும் 9.98க்கும் நடுவில் வந்தால் பிப்பெட் சரி. அதன்பிறகு காரத்தின் அடர்வை ஒரு திட்டக் கரைசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தயாரிக்கும்போதே அது 0.1ஐத் தாண்டியிருக்கக் கூடும்.