நுகர்வோர் கேள்வி-பதில்: 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு எதற்குப் போதும்?

700 கோடி அளவுரு உள்ள ஏ.ஐ. மாடல் இந்த 12 ஜிபி கார்டில் ஓடும் என்றார் கடைக்காரர். ஓடுகிறது. எங்கள் கடை விவரங்களைக் கொடுத்து அதைப் பயிற்றப் போனால் `CUDA out of memory` என்று நின்றுவிடுகிறது. கார்டைத் திருப்பிக் கொடுக்கலாமா?

என்ன காரணம் சொல்லிக் கொடுப்பீர்கள்? ஓடும் என்றார், ஓடுகிறது. பயிற்சிக்கும் வேண்டும் என்று நீங்கள் வாய் திறக்கவில்லை. "ஏ.ஐ.க்கு ஒரு கார்டு" என்று கேட்டு வாங்குவது எனக்குப் பல நாள் ஆதங்கம். இரண்டும் வேறு வேறு வேலை.

பயிற்சி முடிந்த மாடலை ஓட்டுவது இன்ஃபரன்ஸ். அதற்கு எடைகள், அதாவது மாடல் கற்றுவைத்த அளவுரு எண்கள், கார்டில் இருந்தால் போதும். 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 4 ஜிபி. உரையாடல் நீள நீள இன்னும் கொஞ்சம்.

பயிற்சியில் அந்த எடைகளையே மாற்றுகிறோம். ஒவ்வொரு அளவுருவுக்கும் எடை 2 பைட். அதை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சொல்லும் கிரேடியன்ட் 2 பைட். துல்லியம் கெடாமலிருக்க இன்னொரு பிரதி 4 பைட். ஆடம் என்ற வழக்கமான முறை பழைய நகர்வுகளை நினைவில் வைக்க 8 பைட். ஆக 16. அதை 700 கோடியால் பெருக்கினால் 112 ஜிபி. நடுவில் வரும் கணக்குகளுக்கு இடம் தனி.

கார்டை வைத்துக்கொள்ளுங்கள். க்யூலோரா முறையில் சுருக்கிய மாடலைத் தொடாமல், அதன் மேல் ஒட்டும் சிறு பகுதியை மட்டும் பயிற்றலாம். உரைத்துண்டுகளைச் சின்னதாக, ஒவ்வொன்றாகக் கொடுத்தால் 12 ஜிபிக்குள் முடியும்.

ஏ.ஐ.க்கென்று என்.பி.யு. சிப் உள்ள லேப்டாப் வாங்கினால் பெரிய மாடலைப் பயிற்ற முடியுமா?

முடியாது, அது ஓட்டுவதற்காகச் செய்தது.

கார்டு இல்லாமல் சாதாரண கம்ப்யூட்டரில் மாடலை ஓட்டுகிறேன். சொல் சொல்லாக இழுக்கிறது. வேகமான பிராசஸர் வாங்கட்டுமா?

வேண்டாம். நான் அப்படி வாங்கி நொந்தவன். டோக்கன் என்ற ஒவ்வொரு சொல்துண்டுக்கும் மொத்த எடையையும் ரேமிலிருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். எனக்கு இருந்தது ஒரே டிடிஆர்4 3200 ரேம், நொடிக்கு 25.6 ஜிபிதான் தரும். 4 ஜிபி மாடலென்றால் நொடிக்கு ஆறு டோக்கனைத் தாண்டாது, பிராசஸர் எதுவானாலும். அதே போல இன்னொரு ரேமை அடுத்த சேனலில் போட்ட பிறகுதான் வேகம் ஏறக்குறைய இரட்டித்தது.

பயிற்சிக்கு என்று சொல்லித்தான் கடையில் 24 ஜிபி டெஸ்லா கே80 கார்டு வாங்கினேன். 12 ஜிபிக்கு மேல் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் கொதிக்கிறது.

உங்கள் மேல் தவறே இல்லை. கே80 2014இல் வந்தது. ஒரே பலகையில் இரண்டு சிப், ஆளுக்கு 12 ஜிபி. `nvidia-smi` அடித்தால் இரண்டு கார்டாகவே காட்டும். சர்வர் பெட்டிக்குள் வீசும் காற்றை நம்பிச் செய்ததால் அதற்கு விசிறியும் கிடையாது. என்விடியாவின் குடா 12 மென்பொருளில் அதற்கு ஆதரவும் போய்விட்டது. வேலையைச் சொல்லிக் கேட்டவரிடம் இதை மறைத்தது ஏமாற்றுதான். ரசீதையும் விளம்பரத்தையும் அந்தத் திரையின் படத்தையும் வைத்துப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள்.