நடுவில் ஒரு மின்தேக்கி: வினாத்தாள் படத்தைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், வினாத்தாளைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். ஏ–சி 2, சி–பி 4, ஏ–டி 3, டி–பி 6, நடுவில் சி–டி 5, எல்லாம் மைக்ரோஃபாரட். ஏ–பி 12 வோல்ட். 2-ம் 3-ம் பக்க இணைப்பு, 4-ம் 6-ம் பக்க இணைப்பு, நடுவில் 5 தொடர். ஏ–பி இடையே மொத்த மின்தேக்குத்திறன் எனக்கு 2 வருகிறது, விடை 10/3 என்கிறார்கள்.

பதில்: பக்க இணைப்பு என்றால் இரண்டு முனைகளும் சேர வேண்டும். 2-ம் 3-ம் ஏ-யில் மட்டும்தான் சேர்கின்றன. நடுவில் உள்ள 5-ஐக் கழற்றிவிட்டுப் பாருங்கள். தொடரில் மின்னூட்டம் சமம் என்பதால் சிறிய மின்தேக்கிக்குத்தான் அதிக வோல்ட் விழும். மேலே 2-க்கு 8 வோல்ட், 4-க்கு 4 வோல்ட். கீழே 3-க்கு 8, 6-க்கு 4. ஆக சி, டி இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கின்றன. 5-ஐத் திரும்ப மாட்டினாலும் அதில் மின்னூட்டம் ஏறாது. மேல் கிளை 4/3, கீழ்க் கிளை 2, கூட்டினால் 10/3.

கேள்வி: சி, டி-யை ஒன்றாக்கி, 2-ம் 3-ம் சேர்ந்த 5-ம், 4-ம் 6-ம் சேர்ந்த 10-ம் தொடர் என்று போட்டாலும் 10/3 தானே வருகிறது? அப்படியானால் முதலில் கேட்டவர் பக்க இணைப்பாகச் சேர்த்தது சரிதானே?

பதில்: இந்த எண்களுக்குச் சரி, சமநிலை இருப்பதால். ஆனால் அப்படி ஒன்றாக்கியதும் நடுவில் உள்ள 5-இன் இரு முனைகளும் ஒரே புள்ளியாகிவிடும். அதைத் தொடரில் சேர்த்ததுதான் 2-க்குக் கொண்டுபோனது.

கேள்வி: பெரிதாக்கிப் பார்த்தால் அந்த 6 எனக்கு 8 மாதிரி தெரிகிறதே?

பதில்: 8 என்றால் சமநிலை போய்விடும். 5-ஐ எடுத்துவிட்டால் 3.515, அதன் இடத்தில் கம்பி போட்டால் 3.529. உண்மை விடை இவற்றுக்கு நடுவில்தான் இருக்கும். சந்திப்புகளில் மின்னூட்டச் சமன்பாடு எழுதினால் சுமார் 3.52. விடை 10/3 என்பதால் 6 என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த விடையும் இதே மங்கல் படத்தைப் பார்த்துப் போட்டதா என்பது மூலத்தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: ஆற்றலுக்கு QV போட்டேன். மின்னூட்டம் 10/3 × 12 = 40, ஆக 40 × 12 = 480 மைக்ரோஜூல். சரியா?

பதில்: 480 என்பது பேட்டரி கொடுத்தது. மின்னூட்டம் ஏறும்போது மின்தேக்கியின் அழுத்தம் 0-விலிருந்து 12 வரை உயர்கிறது, சராசரி 6 தான். அதனால் சேமிப்பு ½CV² = 240. மீதி 240 கம்பியில் வெப்பமாகப் போகிறது. மின்தடையைக் குறைத்தாலும் இந்தப் பாதி குறையாது. தனித்தனியாகவும் சரிபாருங்கள்: 2-இல் 64, 4-இல் 32, 3-இல் 96, 6-இல் 48, நடுவில் உள்ளதில் 0.

கேள்வி: அண்ணே, என் ஆம்ப்ளிஃபையரில் 40 வோல்ட் சப்ளை. 100 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு இருக்கு. தொடரில் போட்டால் 50 வோல்ட் தாங்குமா?

பதில்: தாளில் தாங்கும். நிஜத்தில் இரண்டின் கசிவும் ஒன்றாக இருக்காது. கசிவு குறைந்தது அதிக வோல்ட்டை வாங்கிக்கொண்டு 25-ஐத் தாண்டி உப்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் போட்டால் பெரும்பாலும் சமமாகப் பிரியும். மல்டிமீட்டரில் இரண்டையும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் கிடைப்பது 50 மைக்ரோஃபாரட்தான். அதற்கு 47 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் ஒன்றை வாங்கிப் போடுவதே நல்லது.