கையெழுத்து நோட்ஸை டைப் செய்வது: சில கேள்விகள், பதில்கள்

பிளஸ் டூ இயற்பியல் மாணவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. நிலை மின்னியலில் வரும் மின் இருமுனைப் பகுதியையே எல்லாப் பதில்களுக்கும் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம்.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து அப்படியே டைப் செய்துகொண்டு போகலாமா?

வேண்டாம். வகுப்பு நடந்த வரிசை வேறு, பாடத்தின் வரிசை வேறு. திங்கட்கிழமை பாதியில் நின்ற தருவிப்பு, நடுவில் இரண்டு கணக்குகள் போட்ட பிறகு வியாழக்கிழமை பக்கத்தில் தொடரும். அப்படியே டைப் செய்தால் அந்தக் குழப்பமும் சேர்ந்தே வரும்.

முதலில் நோட்டுக்குப் பக்க எண் போடுங்கள். பிறகு ஓரத்தில் பென்சிலால் வரையறைக்கு 'வ', தருவிப்புக்கு 'த', சூத்திரத்துக்கு 'சூ', கணக்குக்கு 'க' என்று குறியுங்கள். இருமுனைப் பகுதியை அப்படிக் குறித்தால் தலைப்புகள் தாமாகவே தெரியும்: இருமுனை திருப்புத்திறன், அச்சுக்கோட்டில் மின்புலம், நடுவரைக்கோட்டில் மின்புலம். 'வகுப்பு 3' என்ற தலைப்பை வைத்துக்கொண்டு தேர்வுக்கு முதல் நாள் எதையும் தேட முடியாது.

தலைப்பை போல்டு செய்து பெரிதாக்கினால் போதாதா?

கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியும், வேர்டுக்கு அது சாதாரண வரிதான். பாடத் தலைப்பில் கர்சரை வைத்து `Ctrl+Alt+1`, உட்தலைப்புக்கு `Ctrl+Alt+2` அழுத்துங்கள். பிறகு `View` மெனுவில் `Navigation Pane`-ஐ டிக் செய்தால் இடப்பக்கம் எல்லாத் தலைப்பும் வரிசையாக வரும். அங்கே வராத வரி தலைப்பாக மாறவில்லை என்று பொருள். வியாழக்கிழமைப் பகுதியை மேலே கொண்டுபோக வேண்டுமானால் அந்தத் தலைப்பை அங்கேயே பிடித்து இழுத்துவிடலாம், அதன் கீழுள்ள எல்லாமே கூடவே நகரும்.

போட்டோ எடுத்து கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்து வந்துவிடுகிறது. ஆனால் சூத்திரங்கள் மட்டும் ஏன் சிதைகின்றன?

அந்த வசதி எழுத்தை வரிவரியாக வாசிக்கிறது. சூத்திரத்தில் மேலும் கீழும் இருப்பதற்குத்தான் பொருளே. r³ என்பது r3 ஆகிவிடும், பின்னத்தின் கோடு கழித்தல் குறியாகும், ε என்பது E ஆகும், மின்னூட்ட அடர்த்தியான ρ திருப்புத்திறனான p ஆகும். கடைசி இரண்டும்தான் ஆபத்து, ஏனென்றால் பார்க்கச் சரியாகவே இருக்கும். விளக்க வரிகளை மட்டும் போட்டோவிலிருந்து எடுத்துக்கொண்டு, சூத்திரங்களைக் கையால் டைப் செய்யுங்கள்.

வேர்டில் `Alt` உடன் `=` அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அச்சுக்கோட்டுச் சூத்திரத்தை இப்படி அடிக்க வேண்டும்:

```
E=1/(4\pi \varepsilon_0 ) (2pr)/(r^2-a^2)^2
```

ஒவ்வொரு குறியீட்டுப் பெயருக்குப் பிறகும் ஸ்பேஸ் தட்டினால்தான் அது π, ε என்று மாறும். பின்னத்தின் பகுதியில் அடைப்புக்குறியை விட்டுவிட்டு `/r^2-a^2` என்று அடித்தால் r² மட்டும் கோட்டுக்குக் கீழே போகும், −a² பக்கத்தில் தனியாக நிற்கும்.

ஃபார்முலா ஷீட்டில் சூத்திரம் மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. அட்டவணை போட்டு நான்கு பத்திகள் வையுங்கள்: சூத்திரம், குறியீடுகளும் அலகும், எப்போது பொருந்தும், நோட்டுப் பக்கம். இவற்றில் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மேலே அடித்த சூத்திரம் இருமுனையின் நீளம் 2a என்று கொண்டு வருவது. நாம் மனப்பாடம் செய்யும் சுருக்க வடிவம் இது:

```
E = (1/4πε₀)(2p/r³)
```

இது a-ஐ விட r மிகப் பெரிதாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். r = 10a என்றால் சுருக்க வடிவம் சுமார் 2 சதவீதம் குறைவான விடை தரும், அது பரவாயில்லை. r = 3a என்றால் சுமார் 21 சதவீதம் குறைந்துவிடும். 'r >> a' என்ற நான்கு எழுத்தை மூன்றாவது பத்தியில் எழுதி வைத்திருந்தால் கணக்கில் எந்த வடிவத்தை எடுப்பது என்று தடுமாற வேண்டாம். நடுவரைக்கோட்டுச் சூத்திரத்துக்கு அதே பத்தியில் 'திசை p-க்கு எதிர்' என்பதையும் சேருங்கள்.

டைப் செய்ததில் தப்பு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அலகை வைத்துப் பாருங்கள். 1/4πε₀ இன் அலகு N m² C⁻², p இன் அலகு C m. இரண்டையும் பெருக்கி m³ ஆல் வகுத்தால் N C⁻¹ வரும், அது மின்புலத்தின் அலகுதான். அடுக்கை 2 என்று தவறாக அடித்திருந்தால் N m C⁻¹ வரும், உடனே பிடிபட்டுவிடும். ஆனால் விடுபட்ட எண் 2, மாறிய கழித்தல் குறி இரண்டும் அலகில் தெரியாது. அவற்றுக்கு நோட்டையும் திரையையும் பக்கத்தில் வைத்து, கடைசிச் சூத்திரத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். முன்னிருந்து வாசித்தால் பழக்கத்தில் கண் தாண்டிப் போய்விடும்.

என் கணினியில் நன்றாகத் தெரியும் தமிழ், தோழியின் போனில் குறிகளாகத் தெரிகிறதே?

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். யூனிகோடு விசைப்பலகையில் அடியுங்கள். ஏற்கெனவே அடித்ததை யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றும்போது விளக்க வரிகளை மட்டும் போடுங்கள். சூத்திரத்தையும் சேர்த்துப் போட்டால் p, r, a எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும்.