முடிவைக் கேட்காதீர்கள், திகதியைக் கேளுங்கள்

கேள்வி: அக்கா, கொழும்புக் கம்பனி ஒன்றில் உதவிக் கணக்காளர் வேலைக்கு ஸூமில் நேர்முகம் முடிந்து பத்து நாளாகிறது. "ஒரு கிழமைக்குள் சொல்லுறம்" என்றார் மனிதவள அதிகாரி. ஒரு சத்தமும் இல்லை. கேட்டால் அந்தரப்படுகிறேன் என்று நினைப்பாரோ? (வாசகி, கொக்குவில்)

பதில்: நினைக்க மாட்டார், தங்கச்சி. தவணை சொன்னது அவர்தானே. அது முடிவதற்கு முன்பு கேட்டிருந்தால்தான் அந்தரம். தவணை தப்பி இரண்டு மூன்று வேலை நாள் விட்டுக் கேட்பது வழமைதான். இடையில் போயா வந்திருந்தால் அதையும் கழித்துவிடுங்கள்.

நானும் சில வருடம் ஆட்சேர்ப்பு வேலை செய்தவள். தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது. கடைசி ஆளின் நேர்முகம் தள்ளிப்போயிருக்கும், அல்லது சம்பளத்துக்கு மேலிடம் கையெழுத்து வைத்திருக்காது. இன்னொன்றும் உண்டு. முதல் தெரிவானவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு அவர் சம்மதத்துக்குக் காத்திருப்பார்கள். அவர் மறுத்தால் அடுத்த ஆள் வேண்டுமே, அதனால் இரண்டாவது ஆளுக்கு இல்லை என்றும் சொல்லமாட்டார்கள், ஓம் என்றும் சொல்லமாட்டார்கள். இந்த நேரத்தில் "நான் தெரிவாகிவிட்டேனா?" என்று கேட்டால் அவரால் பதில் எழுத முடியாது, மெயிலை அப்படியே விட்டுவிடுவார். "எப்போது தெரியவரும்?" என்றால் ஒரு வரியில் பதில் போடலாம்.

புது மெயில் வேண்டாம். நேர்முகத்துக்கு அழைத்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். எந்த வேலை, எந்த நாள் என்று அவர் தேட வேண்டியிராது. திங்கட்கிழமைக் காலையில் அவருடைய பெட்டி நிரம்பியிருக்கும், செவ்வாய் அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், விஷயம் இவ்வளவுதான்:

"உதவிக் கணக்காளர் பதவிக்குக் கடந்த செவ்வாய்க்கு முந்திய செவ்வாயன்று நேர்முகத்தில் கலந்துகொண்டேன். ஒரு கிழமையில் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிவு எப்போது தெரியவரும் என்று அறியத் தருவீர்களா? இன்னும் ஏதும் ஆவணம் தேவையென்றால் அனுப்புகிறேன்."

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று தொடங்காதீர்கள். தொந்தரவு என்ற எண்ணத்தை நீங்களே அவர் தலையில் போட்டுவிடுகிறீர்கள். வேறு இடத்தில் வேலை கிடைத்து, பதில் சொல்ல நாள் குறித்திருந்தால் அந்த நாளைக் குறிப்பிடுங்கள், பல வேளை அது கோப்பை நகர்த்தும். இல்லாததை இருப்பதாக எழுதவேண்டாம். "அப்படியென்றால் அதை எடுங்கள்" என்று வாழ்த்தி முடித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் அவர் முதலில் எழுதியிருந்தால் தவிர அங்கே போகாதீர்கள். மிஸ்ட் கோல் கொடுக்கிற பழக்கம் நம்மூரில் இருக்கிறது, அது இங்கே சரிவராது.

ஐந்து வேலை நாளிலும் பதில் இல்லையென்றால் அலுவலக நேரத்தில் ஒருமுறை அழைப்பு எடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லையா, அந்த வேலையை மனக்கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் போடுங்கள். "இன்னும் முடிவாகவில்லை" என்று சொன்னால், "எப்போது திரும்பக் கேட்கலாம்?" என்று அவரிடமே கேட்டு, அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.