மைனஸ் பவர் கண்ணாடிக்குள் சுருங்கிய கண்ணைச் சரிசெய்வது

கேள்வி: "குடியாத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மைனஸ் 9 பவர். போட்டோவில் கண் சின்னதாகவும், கன்னம் உள்ளே வெட்டினதுபோலவும் தெரிகிறது. எப்படிச் சரிசெய்வது?"

கண்ணுக்கும் லென்ஸுக்கும் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளி. மைனஸ் 9-க்கு அந்தத் தூரத்தில் கண் ஏறக்குறைய 10 சதவீதம் சிறிதாகத் தெரியும். கண்ணை மட்டும் சுமார் 111 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினால் கண் சரியாகிவிடும், ஆனால் கன்னத்து விளிம்பு அப்படியேதான் நிற்கும். லென்ஸுக்குள் கன்னமும் சுருங்கி உள்ளே நகர்ந்திருக்கும், அது இருக்க வேண்டிய இடத்தில் பின்னணிதான் தெரியும்.

அதனால் ட்ரைபாடில் இரண்டு படம் எடுங்கள்: கண்ணாடியோடு ஒன்று, கழற்றி ஒன்று. கழற்றினதும் அம்மா கண்ணை இடுக்குவார், பார்வையும் விலகும். "இங்க பாரும்மா" என்று கேமரா பக்கத்திலிருந்து கூப்பிடுங்கள். முகம் நேராகவே இருக்கட்டும். பக்கவாட்டில் திரும்பினால் அந்த வெட்டு பெரிதாகும்.

அப்புறம் போட்டோஷாப்பில் இரண்டையும் `Edit > Auto-Align Layers` கொண்டு பொருத்துங்கள். கழற்றின படத்தை மேலே வைத்து, மாஸ்க்கில் லென்ஸின் உள்பகுதியை மட்டும் திறந்துவிடுங்கள். பிரேமும் கன்னத்தில் விழும் அதன் நிழலும் கீழ்ப் படத்திலிருந்தே வரட்டும். கன்னக்கோடு பிரேமுக்கு உள்ளும் வெளியும் ஒரே வளைவாக ஓடினால் வேலை சரி. லென்ஸ் கொஞ்சம் ஒளியைத் தடுப்பதால், திறந்த பகுதி வெளுத்துத் தெரியும். `Curves`-இல் சற்று இறக்குங்கள்.

ஏற்கெனவே எடுத்த ஒற்றைப் படமென்றால், கன்னத்தை `Liquify`-இல் வெளியே தள்ளலாம். லேசான வளைவுக்கு மட்டுமே அது தாங்கும்.