சரண்டர் பண்ணிட்டு டேர்ம் எடுக்கலாமா?

"எண்டோமென்ட் பாலிசி, 20 வருஷம், கவர் 8 லட்சம். வருஷம் 40,000 வீதம் 4 வருஷம் கட்டிட்டேன். சரண்டர் பண்ணிட்டு டேர்ம் எடுக்கலாமா? அதுல முதிர்வுக்கு ஒண்ணும் வராதாமே?"

ஆமா சகோ, சாதா டேர்ம்ல முதிர்வுத் தொகையும் இல்ல, சரண்டர் மதிப்பும் இல்ல, ஆனா உங்க ஒரு சம்பளத்துல ஓடுற வீட்டுக்கு 8 லட்சம் எத்தனை நாளைக்கு வரும்னு பாருங்க. நீங்க கட்டுன 1,60,000ல வரி போக பாதி, சுமார் 80,000 தான் உத்தரவாத சரண்டர் மதிப்பு, சிறப்பு சரண்டர் மதிப்பு அதவிட கூட இருந்தா அதான் கிடைக்கும், அதனால கிளைல சரண்டர் கொட்டேஷன் எழுத்துல வாங்குங்க. பிரீமியத்த நிறுத்தி பெய்டப் ஆக்குனா 8 லட்சம் கவர்ல 20ல 4 பங்கு, அதாவது 1,60,000, சேர்ந்த போனஸோட முதிர்வுல வரும். ஏஜென்ட் காட்டுற முதிர்வு ஸ்டேட்மென்ட்ல 8% வருமானம்னு போட்ட கணக்கு வெறும் அனுமானம், அத நம்பி முடிவெடுக்காதீங்க. டேர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு மட்டும் பழசத் தொடுங்க, மெடிக்கல்ல ரிஜெக்ட் ஆனா ரெண்டும் இல்லாம போயிடும்.