சலாமுக்கு என்ன பதில், ‘சாப்ட்டியா’வுக்கு என்ன பதில்?

“மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கல்லாவில் உட்காருகிறேன். பாய்ங்க ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்கிறார்கள், சௌகார்பேட்டை சேட்டுங்க ‘ஜெய் ஜினேந்திரா’ என்கிறார்கள், எங்க ஏரியா ஆளுங்க ‘இன்னாபா, நல்லாகீறியா, சாப்ட்டியா’ என்கிறார்கள். எல்லாத்துக்கும் வணக்கம்னு சொன்னா போதுமா? மனசு சரியில்லாத அன்னிக்கு ‘நல்லாகீறியா’ன்னு கேட்டா இன்னா சொல்றது?”
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

வணக்கம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு முகமனுக்கும் அதற்கென்று ஒரு பதில் உண்டு. அது என்னவென்று கண்டுபிடிக்க, அந்தச் சொல் முதலில் எதுவாக இருந்தது என்று பார்த்தாலே போதும். வாழ்த்தா, சாமி பெயரா, கேள்வியா?

சலாமில் தொடங்குவோம், உங்கள் தெருவில் அதிகம் கேட்பது அதுதானே. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்றால் ‘உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும்’ என்று பொருள். சலாம் என்ற சொல்லின் வேரில், குறையில்லாமல், சேதமில்லாமல், பத்திரமாக இருப்பது என்ற அர்த்தமும் இருக்கிறது. யூதர்களின் எபிரேய மொழியில் உள்ள ‘ஷாலோம்’ இதே வேரிலிருந்து வந்தது. எபிரேயத்தில் ஒருவரை நலம் விசாரிக்க ‘மா ஷ்லோம்கா’ என்பார்கள். ‘உன் ஷாலோம் எப்படி இருக்கிறது’ என்று கேட்பதுதான் அது. ஆக ஒரே வேர் ஓரிடத்தில் வாழ்த்தாகவும் இன்னோரிடத்தில் விசாரிப்பாகவும் நிற்கிறது.

சலாம் வாழ்த்து என்பதால் அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது, திருப்பித் தர வேண்டும். ‘வ அலைக்கும் ஸலாம்’ என்பது பதில். ‘உங்கள் மேலும் சாந்தி’ என்று அர்த்தம். சொற்களின் வரிசை திரும்பியிருப்பதைக் கவனியுங்கள், அங்கே முதலில் வந்தது இங்கே கடைசியில் வருகிறது. ஒருவர் உங்களுக்கு வாழ்த்துச் சொன்னால் அதைவிடச் சிறந்ததையோ, குறைந்தது அதையேயோ திருப்பிச் சொல்லுங்கள் என்று குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம், 86-ஆம் வசனம் சொல்கிறது. அதனால்தான் சில பெரியவர்கள் பதிலில் ‘வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு’ என்று இறைவனின் அருளையும் பரக்கத்தையும் சேர்த்து நீட்டுகிறார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ‘வ அலைக்கும் ஸலாம், பாய்’ என்றால் நிறைவான பதில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் நடுவிலுள்ள ‘ல’வை விழுங்கிவிடாதீர்கள். அரபியில் ‘ஸாம்’ என்றால் சாவு. அந்த ஓர் எழுத்து போனால் வாழ்த்து சாபமாகிவிடும். வேண்டுமென்றே அப்படிச் சொல்லி நபிகள் நாயகத்தைச் சீண்டியவர்கள் இருந்ததாக ஹதீஸிலேயே இருக்கிறது. நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்று பாய்க்குத் தெரியும்தான், இருந்தாலும் நிதானமாகவே சொல்லுங்கள்.

‘ஜெய் ஜினேந்திரா’ வேறு வகை. அது உங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டாலும் உங்களைப் பற்றியதில்லை. ஆசைகளை வென்ற ஜினர்களைப் போற்றும் சொல் அது. ‘ஜெய் ஸ்ரீ கிருஷ்ணா’, ‘ராம் ராம்’, காசிமேடு, ராயபுரம் பக்கம் கிறிஸ்தவர்கள் சொல்லும் ‘ஸ்தோத்திரம்’ எல்லாம் இந்த வகைதான். இவற்றுக்கு அதே சொல்லைத் திருப்பிச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்ல உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் இங்கே வணக்கம் நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் அதுவும் வணங்குதலிலிருந்து வந்த சொல்தான்.

அப்புறம் உங்கள் ஏரியா ஆட்கள். ‘நல்லாகீறியா’வுக்கு உலகம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உண்டு. ரோமானியர்கள் சந்திக்கும்போது சொன்ன ‘சல்வே’வுக்கு ‘நலமாயிரு’ என்று அர்த்தம், பிரியும்போது சொன்ன ‘வாலே’வுக்கும் கிட்டத்தட்ட அதேதான். ரஷ்யர்கள் இன்றும் சொல்லும் ‘ஸ்த்ராஸ்துயித்யே’வும் ‘ஆரோக்கியமாக இருங்கள்’ என்பதே. ரோமானியர் கடிதம் எழுதினால் ‘நீ நலமாக இருந்தால் நல்லது, நான் நலம்’ என்று தொடங்குவார்கள். எல்லோரும் எழுதி எழுதி, கடைசியில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் போட்டாலே புரியும் என்கிற அளவுக்கு அது தேய்ந்துவிட்டது. நம் வீட்டுப் பழைய இன்லண்ட் லெட்டர்களை எடுத்துப் பாருங்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் தொடங்கும். அடுத்த வரியிலேயே ‘அம்மாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல்’ என்று இருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. முதல் வரி வாசல், சேதி அதற்குப் பிறகுதான்.

‘சாப்ட்டியா’வும் அப்படியே. சீனாவில் ‘ச்சி ல மா’ என்பார்கள், ‘சாப்பிட்டாச்சா’ என்றுதான் பொருள். பர்மிய மொழியிலும் சோறு சாப்பிட்டாச்சா என்று கேட்பது முகமன். பர்மா பஜாரிலோ வியாசர்பாடியிலோ பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள். இப்படித் தகவலுக்காக இல்லாமல், உறவு விட்டுப்போகாமல் இருப்பதற்காகப் பேசும் பேச்சுக்கென்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் தனியாக ஒரு பெயரே வைத்தார். ‘சாப்ட்டியா’ என்று கேட்டவர் உங்களுக்கு இலை போடப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்ட பட்டியலும் அவருக்கு வேண்டாம். ‘ஆச்சிண்ணே, நீங்க?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘நீங்க?’வை விட்டுவிட்டால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, மனசு சரியில்லாத அன்றைக்கு? முதல் கேள்விக்கே எல்லாவற்றையும் கொட்டினால், வாசலில் நிற்பவர் திகைத்துப் போவார். அதற்காக ‘சூப்பரா கீறேன்’ என்று நடிக்கவும் வேண்டாம். நம் பேச்சிலேயே இதற்கு வழி இருக்கிறது. ‘நல்லா’வை விட்டுவிட்டு, ‘ஏதோ கீறேம்பா’ என்று சொல்லிப் பாருங்கள். அவசரத்தில் இருப்பவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள்மேல் அக்கறை உள்ளவர் நின்று, ‘ஏன், இன்னா ஆச்சி?’ என்பார். இந்த இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. அதற்கு உண்மையான பதிலைச் சொல்லலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் என்றால் துக்க வீடுகளுக்கும் போக வேண்டியிருக்கும். இத்தனை தேய்ந்த பிறகும் இந்தச் சொற்களின் பழைய அர்த்தம் அங்கே சட்டென்று உயிர் பெற்றுவிடும். வாடிக்கையாகச் சொல்லும் ‘நல்லா இருக்கீங்களா’ அங்கே காயப்படுத்தும். கிளம்பும்போது ‘போய்ட்டு வரேன்’ என்றால், இதே மாதிரி இன்னொரு காரியத்துக்கு மறுபடி வருவேன் என்று சொன்னதாகிவிடும். அதனால்தான் நம் ஊரில் சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறார்கள். பாய் வீட்டில் என்றால் உள்ளே போகும்போது சலாம் சொல்லலாம். அது சாந்தியை வேண்டும் வாழ்த்து என்பதால் துக்கத்திலும் செல்லும்.